கட்டாயப் பயிற்சியைத் தவறவிட்டால்: ரெக்கார்டிங் கேட்பதா, அடுத்த பேட்ச் கேட்பதா?

வருடத்திலேயே எனக்கு அதிகமாக போன் வந்த நாள் டிசம்பர் 4. முந்தின நாள் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவின் கடைசி நாள், குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஆனால் சென்னையில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அன்று சாதாரண வேலை நாள். அங்கே யாராவது அன்றைக்குப் பார்த்து ஒரு கட்டாயப் பயிற்சியைப் போட்டிருப்பார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மெயிலைத் திறக்கிற புதுப் பிள்ளைகளுக்குத் தங்கள் பெயருக்கு நேரே "No Show" என்று இருப்பது தெரியும். உடனே போன்.

நாகர்கோவிலில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் செய்துகொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருடம் பயிற்சி ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். வகுப்புக்கு ஆள் சேர்ப்பது, வருகைப் பட்டியல் எடுப்பது, வராதவர்களின் பெயரை அவரவர் மேலாளருக்கு அனுப்புவது எல்லாம் என் வேலை. அந்தப் பட்டியலின் இந்தப் பக்கம் இருந்தவள் என்பதால், எப்படிக் கேட்டால் காரியம் நடக்கும், எப்படிக் கேட்டால் நாங்கள் உதவ நினைத்தாலும் முடியாமல் போகும் என்பதை வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பெண்ணின் கதையோடு சேர்த்துச் சொன்னால் எளிதாகப் புரியும். தக்கலைக்காரி, கல்லூரி முடித்து நேராக எங்களிடம் சேர்ந்தவள். சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டிசம்பர் 3 செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி முதல் 12.30 வரை, நோயாளி விவரப் பாதுகாப்புப் பயிற்சி. டீம்ஸில் நேரலை வகுப்பு. ஐந்து நாள் முன்பே அழைப்பு வந்திருந்தது, "Accept" பொத்தானையும் அழுத்தியிருந்தாள். உள்ளூர் விடுமுறைதானே என்று அன்று குடும்பத்தோடு கோட்டாறுக்குப் போய்விட்டாள்.

முதலில் விடுமுறைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

கேட்பதற்கு முன் உங்கள் பக்கம் நியாயம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் உரியது. அந்த அறிவிப்பை முழுதாகப் படித்தால், செலாவணி முறிச் சட்டம் 1881-இன்படி இது பொது விடுமுறை அல்ல என்று ஒரு வரி இருக்கும். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்றும் இருக்கும். தனியார் நிறுவனம் இதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று இல்லை. அது வருடத் தொடக்கத்தில் வெளியிட்ட தன்னுடைய விடுமுறைப் பட்டியலைத்தான் பார்க்கும்.

அந்தப் பட்டியலில் நாகர்கோவில் கிளைக்கு டிசம்பர் 3 இருந்தால், நீங்கள் வராதது உங்கள் தவறே இல்லை. அன்று உங்களை வகுப்பில் சேர்த்ததுதான் தவறு. மெயிலில் அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம், மன்னிப்பு கேட்கத் தேவையில்லை. பட்டியலில் இல்லையென்றால், நீங்கள் வேலை நாளில் வரவில்லை என்றுதான் கணக்கு. முதலில் அன்றைய தேதிக்கு விடுப்பு விண்ணப்பம் போட்டு மேலாளரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு, அப்புறம் பயிற்சிக்கு வாருங்கள். விடுப்பே பதிவாகாமல் பயிற்சிக்கு மட்டும் மாற்று கேட்டால், மெயிலைப் படிப்பவர் முதலில் கேட்கப் போவது விடுப்பைப் பற்றித்தான். அதற்கு ஒரு நாள் போய்விடும்.

தக்கலைப் பெண்ணின் விஷயத்தில் பட்டியலில் அந்த நாள் இல்லை. அவள் அந்தப் பட்டியலைப் பார்த்ததே இல்லை. சேர்ந்த அன்று கொடுத்த பதினேழு பக்கக் கோப்பில் அது பதினான்காம் பக்கத்தில் இருந்தது.

ரெக்கார்டிங் போதுமா என்பதை வகுப்பின் வகை முடிவு செய்யும்

புதியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ரெக்கார்டிங்கைத்தான். வகுப்பு என்றால் பாடம், பாடத்தைப் பார்த்துவிட்டால் முடிந்தது என்ற எண்ணம். ஒருங்கிணைப்பாளருக்கு அது அப்படி இல்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு பட்டியல், அதில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு கட்டம். அந்தக் கட்டம் "Completed" என்று மாற எது தேவையோ அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

ஒரு புது மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது, விடுப்பு எப்படிப் போடுவது போன்ற வகுப்புகளுக்கு ரெக்கார்டிங்கே போதும். பார்த்துவிட்டு, இருந்தால் அந்தச் சின்னத் தேர்வையும் எழுதிவிட்டால் கட்டம் மாறிவிடும். தகவல் பாதுகாப்புப் பயிற்சி பல நிறுவனங்களில் ஆளே இல்லாமல் நீங்களாகப் பார்த்து முடிக்கும் பாடமாக இருக்கும். பயிற்சித் தளத்தில் அதன் பக்கத்தில் "Self-paced" என்று போட்டிருந்தால் நீங்கள் எதையும் தவறவிடவில்லை, கடைசித் தேதிக்குள் முடித்தால் சரி.

"Instructor-led" என்று இருந்தால் கதை வேறு. எங்கள் நோயாளி விவரப் பாதுகாப்புப் பயிற்சி அந்த வகை. ஹிப்பா என்று சுருக்கமாகச் சொல்லும் 1996-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வரும் வேலை இது. ஊழியருக்குப் பயிற்சி கொடுத்ததற்கான ஆவணத்தை வைத்திருக்க வேண்டும், இத்தகைய ஆவணங்களை 6 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் உண்டு. நேரலையில்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு வேலை கொடுத்த வாடிக்கையாளர், ஒப்பந்தத்திலேயே நேரலை வருகைப் பதிவைக் கேட்டிருந்தார். தணிக்கைக்கு வருபவர் கேட்பதும் அந்தப் பதிவைத்தான். இந்த நிலையில் நான் மனமிரங்கி ரெக்கார்டிங்கை அனுப்பினாலும், அதைப் பத்துத் தடவை பார்த்தாலும், கட்டம் மாறாது. கட்டம் மாறாதவரை பில்லிங் மென்பொருளுக்கு லாகின் கிடைக்காது. லாகின் இல்லாமல் குழுவில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய விழிப்புணர்வு வகுப்பு இன்னொரு மாதிரி. அதில் சிலர் தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள், அழுவார்கள். அதனால் நாங்கள் அதை ரெக்கார்ட் செய்ததே இல்லை. பல இடங்களில் வழக்கம் இதுதான். அந்த வகுப்புக்கு ரெக்கார்டிங் கேட்காதீர்கள், நேராக அடுத்த பேட்ச் கேளுங்கள்.

எந்த வகை என்று அழைப்பைப் படித்தும் தெரியவில்லையென்றால் ஒருங்கிணைப்பாளரிடம் ஒரே கேள்வி போதும்: "இந்தப் பயிற்சி முடிந்ததாகப் பதிவாக ரெக்கார்டிங் பார்த்தால் போதுமா, நேரலையில் இருக்க வேண்டுமா?"

நீங்கள் நிஜமாகவே வராதவரா என்று பாருங்கள்

இதை நம் ஊருக்காகவே தனியாகச் சொல்கிறேன். குமரியில் இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் மழை, அக்டோபர் தொடங்கி மறுபடியும் மழை. கரண்ட் போகும், மோடம் அணையும், வீட்டிலிருந்து வேலை செய்பவர் பாதி வகுப்பில் வெளியே விழுவார். இவர்கள் வகுப்பைத் தவறவிட்டவர்கள் இல்லை, ஆனால் பட்டியலில் வராதவர்களாகத்தான் இருப்பார்கள்.

டீம்ஸ் வகுப்பு முடிந்ததும் அதை ஏற்பாடு செய்தவர் வருகை அறிக்கை ஒன்றை எடுப்பார். அதில் ஒவ்வொருவருக்கும் "First Join", "Last Leave", "In-Meeting Duration" என்று மூன்று விவரங்கள் இருக்கும். மூன்றாவதுதான் முக்கியம், நீங்கள் மொத்தம் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தீர்கள் என்பது. எங்கள் இடத்தில் 90 சதவீதம் இருந்தால்தான் வருகை. இரண்டரை மணி நேர வகுப்பு என்றால் 150 நிமிடம், அதில் 135 நிமிடம் இருக்க வேண்டும். அரை மணி நேரம் கரண்ட் போனால் தீர்ந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மடிக்கணினி அணைந்ததும் பதற்றத்தில் கைப்பேசியில் அழைப்பு இணைப்பைத் தொட்டு, நிறுவனக் கணக்கில் உள்நுழையாமல், வெறும் பெயரை அடித்து உள்ளே வந்துவிடுவார்கள். அப்போது அறிக்கையில் அந்த நேரம் விருந்தினர் கணக்கில் போகும். பெயர் இருக்கும், மெயில் முகவரி இருக்காது. உங்கள் கணக்கில் 80 நிமிடம், விருந்தினராக 65 நிமிடம் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். கூட்டினால் 145 நிமிடம், தேவையானதைவிட அதிகம். ஆனால் மெயில் முகவரியை வைத்துப் பட்டியல் போடுபவருக்கு அது தெரியாது.

இப்படி நடந்திருந்தால் அடுத்த பேட்ச் கேட்க வேண்டாம். "11.20-க்கு மின்சாரம் போனதால் கைப்பேசியில் விருந்தினராக இந்தப் பெயரில் சேர்ந்தேன், அறிக்கையில் இரண்டு பதிவையும் சேர்த்துப் பாருங்கள்" என்று எழுதுங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு முந்தின நாள் செய்தித்தாளில் வந்திருந்தால் அதைப் படமெடுத்து இணைத்துவிடுங்கள். நான் இப்படிச் சரிசெய்து கொடுத்த பதிவுகள் நிறைய.

அன்றே, அல்லது மறுநாள் மதியத்துக்குள்

வகுப்பு முடிந்த மறுநாள் மாலை வருகைப் பட்டியலை மூடிவிடுவோம். மூடினதும் வராதவர்களின் பெயர் தானாக மேலாளருக்கும் மனிதவளத் துறைக்கும் போகும். அதற்கு முன் உங்கள் மெயில் வந்துவிட்டால், பட்டியலில் "No Show" என்பதற்குப் பதிலாக "மாற்று பேட்ச் கோரியுள்ளார்" என்ற குறிப்போடு பெயர் போகும். இரண்டையும் மேலாளர் படிக்கும் விதம் வேறு. மூடின பிறகு வந்தால் நான் முதலில் மனிதவளத் துறையிடம் மறுபடி திறக்கச் சொல்ல வேண்டும்.

இடமும் ஒரு காரணம். நேரலைப் பயிற்சியில் ஒரு பேட்சுக்கு 30 பேர் என்று வைத்திருந்தோம். வராதவர்கள் எல்லோரும் அடுத்த பேட்சுக்குத்தான் வருவார்கள், அதில் ஏற்கெனவே புதிதாகச் சேர்ந்தவர்கள் இருப்பார்கள். முதலில் கேட்ட நாலைந்து பேருக்கு இடம் கிடைக்கும். மற்றவர்கள் அதற்கடுத்த பேட்ச்.

அந்தப் பெண் டிசம்பர் 4 காலை செய்த முதல் காரியம், தன்னோடு சேர்ந்த தோழியிடம் ரெக்கார்டிங் இணைப்பை வாங்கியது. தொட்டதும் அனுமதி இல்லை என்று ஒரு திரை வந்தது, கீழே "Request access" பொத்தான். அதை அழுத்திவிட்டு, கேட்டாயிற்று என்று நினைத்துக் காத்திருந்தாள்.

அந்தப் பொத்தான் என்ன செய்யும் தெரியுமா? டீம்ஸ் ரெக்கார்டிங் கூட்டத்தை ஏற்பாடு செய்தவருடைய OneDrive-இல் போய் உட்காரும். பொத்தானை அழுத்தினால் அவருக்கு, இன்னார் இந்தக் கோப்பைக் கேட்கிறார் என்று தானாக ஒரு மெயில் போகும். பெயரைத் தவிர, எந்தக் கிளை, ஏன் என்று எதுவும் தானாக இருக்காது. அன்று கூட்டத்தை ஏற்பாடு செய்தது சென்னையில் இருந்த பயிற்றுநர். அவருக்கு இவளைத் தெரியாது. நோயாளிகளின் மாதிரி விவரங்கள் திரையில் வரும் ரெக்கார்டிங்கை முன்பின் தெரியாதவருக்கு அவர் திறந்துவிடவும் மாட்டார். அந்த மெயில் அப்படியே கிடந்தது.

பதினொன்றரைக்கு எனக்கு போன் வந்தது.

"அக்கா, ரெக்கார்டிங் கேட்டிருக்கேன், இன்னும் வரல."

"மக்களே, அது வந்தாலும் உனக்கு உதவாது. மதியம் ரெண்டு மணிக்குள்ள எனக்கு ஒரு மெயில் போடு. அதுக்கு முன்னால உன் லீட்கிட்ட வாயால சொல்லிடு."

யாரிடம், எந்த வரிசையில்

முதலில் உங்கள் குழுத் தலைவரிடமோ மேலாளரிடமோ நேரில் அல்லது போனில் சொல்லுங்கள். பட்டியல் அவர் கைக்குப் போவதற்கு முன் உங்கள் வாயால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே பேச்சில் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்த பேட்ச் நடக்கும் நேரத்தில் உங்களை வேலையிலிருந்து விடுவிப்பாரா என்று. அமெரிக்க நேரத்துக்கு இரவு வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். விடியற்காலை மூன்றரைக்கு வேலை முடித்து, காலை பத்து மணி வகுப்பில் உட்கார்ந்தால் அரைத் தூக்கம்தான். அந்த ஒரு நாள் மட்டும் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி இப்போதே கேளுங்கள், பேட்ச் உறுதியான பிறகு கேட்டால் அட்டவணை போட்டு முடிந்திருக்கும்.

அப்புறம் மெயில். பெறுநர் இடத்தில் பயிற்சி ஒருங்கிணைப்பாளர், நகல் மேலாளருக்கு. பயிற்றுநருக்கு அனுப்ப வேண்டாம், பேட்ச் மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஒருங்கிணைப்பாளர் யார் என்று தெரியாவிட்டால் அழைப்பு மெயிலின் அடியில் பாருங்கள், பெரும்பாலும் "கேள்விகளுக்கு" என்று ஒரு முகவரி இருக்கும்.

அவள் முதலில் எழுதி எனக்குக் காட்டிய மெயில் இதுதான்:

"வணக்கம். நேற்றைய டிரெயினிங்கில் கலந்துகொள்ள முடியவில்லை. மிகவும் வருந்துகிறேன். இனி இப்படி நடக்காது. தயவுசெய்து ரெக்கார்டிங் இருந்தால் அனுப்பவும், அல்லது எப்போது வேண்டுமானாலும் வேறு வகுப்பில் சேர்த்துக்கொள்ளவும்."

பணிவான மெயில்தான். ஆனால் இதை வைத்து ஒருங்கிணைப்பாளரால் எதுவும் செய்ய முடியாது. நேற்று நான்கு பயிற்சிகள் நடந்தன, எது என்று இல்லை. ஊழியர் எண் இல்லை. "எப்போது வேண்டுமானாலும்" என்றால், நான் ஒரு தேதி சொல்லி, அது மேலாளருக்கு ஒத்துவராது என்று பதில் வந்து, மறுபடி வேறு தேதி தேட வேண்டும். இரண்டாவதாக எழுதியது இது:

> பொருள்: நோயாளி விவரப் பாதுகாப்புப் பயிற்சி, டிசம்பர் 3 பேட்ச் – மாற்று பேட்ச் கோரிக்கை – ஊழியர் எண் ______
>
> வணக்கம்.
>
> டிசம்பர் 3 காலை 10 முதல் 12.30 வரை நடந்த மேற்கண்ட பயிற்சியில் நான் கலந்துகொள்ளவில்லை. அன்று மாவட்ட உள்ளூர் விடுமுறை என்பதால் அலுவலகத்துக்கும் விடுமுறை என்று தவறாக எண்ணிவிட்டேன். அன்றைய நாளுக்கு விடுப்பு விண்ணப்பித்து, மேலாளர் ஒப்புதல் அளித்துள்ளார்.
>
> பயிற்சி அட்டவணையில் டிசம்பர் 11 மதியம் 2 மணிக்கு ஒரு பேட்ச் இருப்பதைப் பார்த்தேன். அதில் எனக்கு இடம் தர வேண்டுகிறேன். அந்த நேரத்தில் என்னை விடுவிக்க மேலாளர் சம்மதித்துள்ளார் (நகலில் உள்ளார்). அதில் இடம் இல்லையென்றால் டிசம்பர் 18 பேட்சும் எனக்கு ஏற்றதே.
>
> எனக்கு இந்தப் பயிற்சியை முடிக்க வேண்டிய கடைசித் தேதி டிசம்பர் 10 என்று தளத்தில் காட்டுகிறது. மாற்று பேட்ச் தேதிக்கு ஏற்ப அதையும் நீட்டித்துத் தர வேண்டுகிறேன்.
>
> வகுப்புக்கு முன் படித்துக்கொள்ள, அனுமதி உண்டென்றால் ரெக்கார்டிங்கைப் பார்க்க வழி செய்தால் உதவியாக இருக்கும்.

நிறுவனத்தில் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், எழுதுங்கள். வரிசை இதுவாக இருக்கட்டும். காரணம் ஒரே வரி, அதுவும் உண்மையான காரணம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று எழுதி, விடுப்பு விண்ணப்பத்தில் "குடும்ப நிகழ்ச்சி" என்று போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே மேலாளர் கைக்குத்தான் போகும். திருவிழாவுக்குப் போனேன், விடுமுறை என்று நினைத்தேன் என்பதை இந்த ஊரில் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசித் தேதியைப் பற்றிய பத்தியைப் பலர் விட்டுவிடுவார்கள். பேட்ச் மாறினாலும் தளத்தில் உள்ள கடைசித் தேதி தானாக மாறாது. 10-ஆம் தேதி தாண்டியதும் "Overdue" என்று சிவப்பில் காட்டி, தினமும் மேலாளருக்கு நினைவூட்டல் போய்க்கொண்டிருக்கும். அதனால் இரண்டையும் ஒரே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

அட்டவணையில் தேதி பார்க்கும்போது பேட்சின் மொழியையும் பாருங்கள். எங்களுக்குத் திருவனந்தபுரத்திலும் கிளை இருந்தது. அங்கே போடும் பேட்சில் கேள்வி நேரம் மலையாளத்தில் ஓடும். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பிரச்சினையே இல்லை, தோவாளை பக்கத்திலிருந்து வந்தவர்கள் திணறுவார்கள்.

இடம் கிடைத்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள்

அவளுடைய மெயில் மதியம் 1.40-க்கு வந்தது. 11-ஆம் தேதி பேட்சில் இரண்டு இடம் இருந்தது, ஒன்றைக் கொடுத்தேன். கடைசித் தேதியை 13-க்கு நீட்டச் சொல்லி மனிதவளத் துறைக்கு எழுதினேன். பயிற்றுநரிடம் பேசி ரெக்கார்டிங்கைத் தரவிறக்கம் செய்ய முடியாதபடி, பார்க்க மட்டும் அனுமதி வாங்கிக் கொடுத்தேன்.

11-ஆம் தேதி முழு நேரமும் வகுப்பில் இருந்தாள், தேர்விலும் தேறினாள். 12-ஆம் தேதி மாலை தளத்தைப் பார்த்தால் இன்னும் "No Show".

நடந்தது இதுதான். 11-ஆம் தேதி பேட்சின் அழைப்பு அவளுக்கு நேராக வரவில்லை. காலையில் அது வராததைப் பார்த்த அவளுடைய லீட், தனக்கு வந்திருந்த அழைப்பை அவளுக்கு அனுப்பிவைத்தார். அந்த இணைப்பில் அவள் உள்ளே போய்விட்டாள். வகுப்பில் இருந்தாள், ஆனால் தளத்தில் அந்தப் பேட்சின் பெயர்ப்பட்டியலில் அவள் இல்லை. பழைய பேட்சிலிருந்து பெயரை எடுத்துப் புதிய பேட்சில் போடும் வேலை சென்னையில் பாதியில் நின்றிருந்தது. பெயர்ப்பட்டியலில் இல்லாதவருக்குத் தளம் வருகை போடாது.

இடம் உறுதி என்று பதில் வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அழைப்பு உங்கள் பெயருக்கு, உங்கள் முகவரிக்கு நேராக வந்திருக்கிறதா? பயிற்சித் தளத்தில் உங்கள் பக்கத்தில் புதிய தேதி தெரிகிறதா? பழைய தேதி "Cancelled" என்று மாறியிருக்கிறதா, அல்லது இரண்டு தேதியும் சேர்ந்து நிற்கிறதா? வகுப்புக்கு முந்தின நாளுக்குள் இவை சரியாக இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வரி அனுப்புங்கள். வேறொருவர் அனுப்பிய இணைப்பில் சேர வேண்டி வந்தால், வகுப்பு முடிந்த உடனேயே "நான் இந்தக் கணக்கில் கலந்துகொண்டேன், பெயர்ப்பட்டியலில் சேர்க்கவும்" என்று எழுதிவிடுங்கள். வருகை அறிக்கையில் உங்கள் மெயில் முகவரி இருக்கும், அதை வைத்துச் சேர்த்துவிட முடியும்.

13-ஆம் தேதி காலை அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய முகவரிக்கு நேரே 148 நிமிடம் இருந்தது. அதைப் படமெடுத்து அனுப்பி, பெயரைச் சேர்க்கச் சொல்லி, மதியம் கட்டம் "Completed" ஆனது. அன்று மாலையே லாகின் வந்துவிட்டது. சான்றிதழைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன், தளம் மாறும்போது பழைய பதிவுகள் காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இடம் இல்லை என்று சொல்லிவிட்டால்

அடுத்த பேட்ச் இரண்டு மாதம் கழித்துத்தான் என்று சில நேரம் பதில் வரும். அப்போது மட்டும் ரெக்கார்டிங்கை முதன்மையாகக் கேளுங்கள், ஆனால் வெறும் ரெக்கார்டிங்கைக் கேட்காதீர்கள். "ரெக்கார்டிங் பார்த்து, தேர்வு எழுதி, பயிற்றுநரிடம் பதினைந்து நிமிடம் கேள்வி பதில் முடித்தால், அடுத்த பேட்ச் வரை தற்காலிகமாக ஏற்றுக்கொள்ள முடியுமா" என்று கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் அதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால் தணிக்கை நேரத்தில் சொன்னவரும் இருக்க மாட்டார், பதிவும் இருக்காது.

சீக்கிரம் கேட்பது ரெக்கார்டிங்குக்கும் பொருந்தும். டீம்ஸ் ரெக்கார்டிங்குகள் நிறுவனம் மாற்றி அமைக்காவிட்டால் 120 நாளில் தானாக அழிந்துவிடும். சில நிறுவனங்கள் அதை இன்னும் குறைத்து வைத்திருக்கும்.

தோழி தன் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதாகச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உதவ நினைத்த அந்தப் பிள்ளைதான் வாடிக்கையாளர் தகவலை வெளியே அனுப்பியதாக மாட்டிக்கொள்வாள். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்து இன்னொருவரை உட்கார வைப்பதும் அப்படித்தான். வகுப்பைத் தவறவிட்டதற்கு அடுத்த பேட்ச் இருக்கிறது. ஆள் மாறாட்டத்துக்கு வேலையே போகும், எங்கள் அலுவலகத்தில் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் போனது.

டிசம்பர் 3 ஒன்று மட்டும் இல்லை. மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், மாசியில் அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காடு கொடை, அப்புறம் ஓணம் என்று உள்ளூர் விடுமுறைகள் வரிசையாக வரும். நிறுவனத்தின் விடுமுறைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத நாட்களை உங்கள் நாட்காட்டியில் "அலுவலகம் உண்டு" என்று குறித்து வையுங்கள். அந்த நாளுக்குப் பயிற்சி அழைப்பு வந்தால், "Accept" அழுத்துவதற்கு முன்பே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி வேறு பேட்ச் கேட்கலாம். முன்கூட்டிக் கேட்பவருக்கு நான் ஒருநாளும் காரணம் கேட்டதில்லை.